மாத விற்பனை அட்டவணைக்கு நிறம் போட்டால் தீபாவளி மட்டும்தான் தெரிகிறதா?

கேள்வி: வேலூர் பக்கம் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். 2021 முதல் 2025 வரை மாத விற்பனையை எக்செல்லில் போட்டிருக்கிறேன். ஆண்டுகள் கீழாக, மாதங்கள் பக்கவாட்டில். எது நல்ல மாதம், எது மந்த மாதம் என்று பார்த்ததும் தெரிய Color Scales-இல் வெள்ளை–பச்சை போட்டேன். தீபாவளி மாதம் மட்டும் அடர் பச்சை, மற்றதெல்லாம் வெளுத்துப் போய் ஒரே மாதிரி இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்? இரண்டு வரிசையை இங்கே தருகிறேன் (லட்சம் ரூபாயில், ஜனவரி முதல் டிசம்பர் வரை):

```
2021: 2.3 1.2 1.4 1.3 0.3 0   1.5 1.9 1.6 4.8  2.2 1.5
2024: 4.2 2.1 2.4 3.0 3.3 2.6 3.8 3.4 2.9 11.6 2.0 2.7
```

பதில்:

நீங்கள் தப்பாக எதுவும் அழுத்தவில்லை. எக்செல் கேட்டதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் வெள்ளை–பச்சை அளவுகோல் எப்படி நிறத்தைப் பங்கு போடுகிறது என்று பார்த்தால் உங்கள் அட்டவணை ஏன் வெளுத்தது என்பது புரிந்துவிடும்.

இரண்டு நிற அளவுகோல் தேர்ந்தெடுத்த கட்டங்களில் மிகச் சிறிய எண்ணுக்கு வெள்ளையும் மிகப் பெரிய எண்ணுக்குப் பச்சையும் கொடுக்கும். நடுவில் உள்ளவற்றை அந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு நிறமேற்றும். உங்கள் 2024 வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள். சிறியது நவம்பர் 2.0, பெரியது அக்டோபர் 11.6. இடைவெளி 9.6. இரண்டாவது பெரிய மாதமான ஜனவரி 4.2. அது அடிமட்டத்திலிருந்து 2.2 மட்டுமே மேலே இருக்கிறது, அதாவது மொத்தத் தூரத்தில் 23 சதவீதம். ஆக, பதினொரு மாதங்களும் நிறத்தின் முதல் கால் பங்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மீதி முக்கால் பங்கு நிறத்தை அக்டோபர் ஒன்றே எடுத்துக்கொண்டுவிட்டது. பொங்கலுக்கு விற்ற 4.2-க்கும் மார்ச்சில் விற்ற 2.4-க்கும் உள்ள வித்தியாசம் பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த வெளிர் பச்சையில் கண் அதைப் பிடிக்காது.

இதே இடத்தில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். கடைசியில் மொத்தம் என்று ஒரு பத்தி வைத்திருந்தால், நிறம் போடும்போது அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா? 2024-இன் மொத்தம் 44. அது உள்ளே வந்தால் அக்டோபரே அளவுகோலில் 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தீபாவளி உட்பட எல்லா மாதமும் வெளுத்து, மொத்தம் மட்டும் பச்சையாக நிற்கும். உங்களுக்குத் தீபாவளி தெரிகிறது என்பதால் அந்தத் தவறு நடக்கவில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் தேர்வு B2 முதல் M6 வரை மட்டும்தானா என்று ஒரு தடவை பாருங்கள்.

சரி, மூன்று நிற அளவுகோலுக்கு மாறினால் தீருமா? பச்சை–மஞ்சள்–சிவப்பு போட்டால் எக்செல் நடுப்புள்ளியாக 50-வது Percentile-ஐ, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுத்துக்கொள்ளும். 2024-க்கு அது நடுவில் நிற்கும் 2.9-க்கும் 3.0-க்கும் சரிபாதியான 2.95. அதற்குக் கீழே உள்ள ஆறு மாதங்களும் மஞ்சளிலிருந்து சிவப்பு வரை நன்றாகப் பரவும். மேலே உள்ள ஆறில் மட்டும் பழைய கதையே. ஜனவரி 2.95-க்கும் 11.6-க்கும் நடுவே 14 சதவீதத் தூரம்தான் போயிருக்கும், அதனால் மஞ்சளாகவே தெரியும். மந்த மாதங்கள் பளிச்சென்று தெரிய, நல்ல மாதங்கள் மறைந்துவிடும். இது முன்னதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் சரியாகிவிட்டது போல ஒரு தோற்றம் தருகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அது இன்னும் ஆழமானது. ஐந்து ஆண்டையும் ஒரே அளவுகோலில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் கடை வளர்ந்திருக்கிறது. 2021 பொங்கல் மாதம் 2.3. அந்த ஆண்டுக்கு அது அருமையான மாதம். 2024 மார்ச் 2.4. அந்த ஆண்டுக்கு அது மந்தமான மாதம். ஆனால் ஒரே அளவுகோலில் மந்த மாதம் நல்ல மாதத்தைவிட ஒரு சாயல் பச்சையாக இருக்கும். மேலிருந்து கீழே போகப் போக வரிசை வரிசையாக நிறம் ஏறும். கடை வளர்ந்தது தெரியும், மாதம் தெரியாது. நீங்கள் கேட்டது மாதத்தைத்தான்.

ஆகவே விற்பனைத் தொகைக்கு நிறம் போடுவதை விட்டுவிட்டு, அந்த மாதம் அந்த ஆண்டின் வழக்கமான மாதத்தைப்போல எத்தனை மடங்கு என்ற எண்ணுக்கு நிறம் போடுங்கள். வழக்கமான மாதம் என்று நான் சொல்வது சராசரியை அல்ல, இடைநிலையை. பன்னிரண்டு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது. ஏன் சராசரி கூடாது என்பதற்கு உங்கள் 2024-ஏ சாட்சி. சராசரி 3.67. அதைத் தாண்டிய மாதங்கள் ஜனவரி, ஜூலை, அக்டோபர் மூன்றே மூன்று. ஒன்பது மாதம் சராசரிக்குக் கீழே என்று வந்தால், ஆண்டு முழுக்கக் கடை தூங்கியது போல நிறம் விழும். அக்டோபரின் 11.6 சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இடைநிலையோ 2.95. ஆறு மாதம் மேலே, ஆறு மாதம் கீழே.

2021-இல் இது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த ஆண்டு மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. உங்கள் மே 0.3, ஜூன் 0. இந்த இரண்டையும் சேர்த்தால் சராசரி 1.67, விட்டால் 1.97. இடைநிலையோ சேர்த்தால் 1.5, விட்டால் 1.55. எப்படிக் கணக்கிட்டாலும் அது கிட்டத்தட்ட அசையவில்லை. ஜவுளிக்கடை போல ஒரு பண்டிகை ஆண்டையே தூக்கி நிறுத்தும் வியாபாரத்துக்கு இடைநிலைதான் பொருத்தம்.

செய்முறைக்கு வருவோம். முதல் அட்டவணையை அப்படியே விட்டு, கீழே 12-வது வரிசையிலிருந்து இன்னொன்று தொடங்குங்கள். B12 கட்டத்தில் இதை எழுதி, பக்கவாட்டில் M வரையும் கீழே 16-வது வரிசை வரையும் இழுத்துவிடுங்கள்:

```
=IF(B2="","",B2/MEDIAN($B2:$M2))
```

டாலர் குறி B-க்கும் M-க்கும் முன்னால் மட்டும்தான் இருக்க வேண்டும், வரிசை எண்ணுக்கு முன்னால் கூடாது. அப்போதுதான் ஒவ்வொரு ஆண்டும் தன் இடைநிலையோடு ஒப்பிடப்படும். இந்தச் சூத்திரத்தை இழுக்கும் முன் 2021 மே, ஜூன் இரண்டு கட்டங்களையும் மேல் அட்டவணையில் காலியாக்கிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் 2024 இப்போது இப்படி வரும்: ஜனவரி 1.42, பிப்ரவரி 0.71, மார்ச் 0.81, ஏப்ரல் 1.02, மே 1.12, ஜூன் 0.88, ஜூலை 1.29, ஆகஸ்ட் 1.15, செப்டம்பர் 0.98, அக்டோபர் 3.93, நவம்பர் 0.68, டிசம்பர் 0.92. ஜனவரி 1.42 என்றால் வழக்கமான மாதத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விற்றது என்று பொருள். 2021 ஜனவரி எவ்வளவு தெரியுமா? 2.3-ஐ 1.55-ஆல் வகுத்தால் 1.48. தொகையில் 2.3-க்கும் 4.2-க்கும் எட்டாத தூரம், ஆனால் பொங்கல் உங்கள் கடைக்குத் தரும் ஏற்றம் அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றேதான். தொகைக்கு நிறம் போட்ட அட்டவணையில் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

இப்போது B12 முதல் M16 வரை தேர்ந்தெடுத்து, Home > Conditional Formatting > Color Scales > More Rules போங்கள். Format Style-இல் 3-Color Scale. கீழே Minimum, Midpoint, Maximum மூன்றுக்கும் Type என்ற இடத்தில் Number வைத்து, மதிப்பாக முறையே 0.67, 1, 1.5 கொடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். எல்லையை எக்செல் தானாகத் தேட விடாமல் நாமே நட்டுவிடுகிறோம். 1.5-ஐத் தாண்டிய எந்த எண்ணும் 1.5-இன் நிறத்தோடு நின்றுவிடும். அக்டோபர் 3.93 ஆனாலும் சரி, 5 ஆனாலும் சரி, மற்ற மாதங்களின் நிறத்தைத் தின்னாது.

0.67 ஏன், 0.5 ஏன் இல்லை என்று கேட்கலாம். ஒன்றரை மடங்கு ஏறுவதற்குச் சமமான இறக்கம் ஒன்றரையில் ஒரு பங்காகக் குறைவது, அதாவது 1-ஐ 1.5-ஆல் வகுத்தால் வரும் 0.67. மடங்குகளில் யோசிக்கும்போது மேலும் கீழும் இப்படி நிறுத்தினால்தான் சம அளவு ஏற்றமும் இறக்கமும் சம அளவு அடர்த்தியாகத் தெரியும். உங்கள் கடை இன்னும் கொந்தளிப்பானது என்றால் 0.5, 1, 2 வையுங்கள். ஆனால் உங்கள் 2024-இல் அக்டோபர் தவிர எல்லாமே 0.68-க்கும் 1.42-க்கும் நடுவே அடங்கிவிடுகின்றன, அதனால் 0.67–1.5 கச்சிதமாகப் பொருந்தும்.

அங்கே Type பட்டியலில் Percent, Percentile என்று இரண்டு இருப்பதையும் பார்ப்பீர்கள். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். Percent என்பது சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தில் பங்கு. 2024 தொகையில் 50 Percent என்றால் 6.8, அந்த இடத்தின் பக்கத்தில்கூட எந்த மாதமும் இல்லை. Percentile என்பது வரிசையில் இடம். 50 Percentile என்றால் 2.95. தீபாவளி போல ஒன்று தனியாக உயர்ந்து நிற்கும் தரவில் Percent பயன்படாது. Percentile பயன்படும், ஆனால் ஒவ்வொரு புது ஆண்டு சேர்க்கும்போதும் எல்லை நகரும், போன ஆண்டு அடர் நிறமாக இருந்த கட்டம் இந்த ஆண்டு வெளுக்கும். Number நகராது. ஆண்டுக்கு ஆண்டு சுவரில் ஒட்டி ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் Number-தான் வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு–பச்சை வேண்டாம். ஆண்களில் கொஞ்சம் பேருக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம், கடையில் யாருக்கு அப்படி என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஏற்றத்துக்கு ஆரஞ்சு `#EF8A62`, நடுவில் ஏறக்குறைய வெள்ளை `#F7F7F7`, இறக்கத்துக்கு நீலம் `#67A9CF` நல்ல சேர்க்கை. நிறம் தேர்வு செய்யும் பெட்டியில் More Colors > Custom போனால் இந்த எண்ணை இடலாம். உங்கள் எக்செல் பழையதாக இருந்து Hex கட்டம் இல்லையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக இடுங்கள்: ஆரஞ்சுக்கு 239, 138, 98, நடுவுக்கு 247, 247, 247, நீலத்துக்கு 103, 169, 207. நடு நிறம் வெள்ளையாக இருப்பதில் ஒரு நயம் இருக்கிறது. வழக்கமான மாதங்கள் ஒதுங்கிப் போய், கண் தானாக ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் போகும். மஞ்சள் நடுவில் இருந்தால் அதுவே கத்தும்.

இதைக் கறுப்பு–வெள்ளையில் அச்சடிக்காதீர்கள். அந்த ஆரஞ்சும் இந்த நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும், பொங்கலும் பிப்ரவரியும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஜெராக்ஸ் எடுக்கும் தேவை இருந்தால் நடுவில் சாம்பல், ஏற்றத்துக்கு அடர் சாம்பல், இறக்கத்துக்கு வெள்ளை என்று ஒரே திசையில் அடர்வது போல வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தீபாவளியும் பொங்கலும் ஏறக்குறைய ஒரே ஆரஞ்சாகத் தெரியும், ஏனென்றால் 1.5-க்கு மேல் வெட்டிவிட்டோம். அது உறுத்தினால் அதே கட்டங்களுக்கு இன்னொரு விதி சேருங்கள்: Highlight Cells Rules > Greater Than போய் 2 கொடுத்து, Custom Format-இல் Fill-ஐத் தொடாமல் Font-இல் தடித்த எழுத்து மட்டும் வையுங்கள். நிறம் ஒரு விதியிலிருந்தும் எழுத்து இன்னொரு விதியிலிருந்தும் வரும், இரண்டும் மோதிக்கொள்ளாது.

ஜூனைக் காலியாக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். காலிக் கட்டத்தை நிற அளவுகோல் தொடாது. 0 என்பது அதற்கு ஒரு எண், அதற்கு அடர் நீலம் கொடுக்கும். கடையைத் திறந்து வைத்தும் யாரும் வராத மாதமும், பூட்டியே இருந்த மாதமும் ஒரே நீலம் ஆகிவிடும். மே மாதம் சில நாள் விற்பனையையும் முழு மாதத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை, அதனால் அதையும் காலியாக விடுங்கள். பிறகு கீழ் அட்டவணையில் `=B12=""` என்ற சூத்திர விதி ஒன்று போட்டு மெல்லிய சாம்பல் நிறம் கொடுத்தால், ‘இங்கே கணக்கு இல்லை’ என்பதும் தனியாகத் தெரியும். மேல் அட்டவணையில் அந்த இரண்டு கட்டத்திலும் ஒரு குறிப்பு வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஏன் காலி என்று உங்களுக்கே மறந்துபோகும்.

தொகை கண்ணில் படாமல் மடங்கு மட்டும் தெரிவது பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான குறைதான். ஒரு கட்டத்தின் நிறம் இன்னொரு கட்டத்தின் எண்ணைப் பார்த்து வரவேண்டும் என்றால் Color Scales-ஆல் முடியாது, B2 போல டாலர் குறி இல்லாத சார்புக் குறிப்புகளை அது ஏற்காது. ஆனால் சூத்திர விதி ஏற்கும். B2 முதல் M6 வரை, B2-இலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுத்து, பழைய வெள்ளை–பச்சை விதியை Clear Rules-இல் நீக்கிவிட்டு, New Rule > Use a formula to determine which cells to format போய் இரண்டு விதி போடுங்கள்:

```
=AND(B2<>"",B2/MEDIAN($B2:$M2)>=1.25)
=AND(B2<>"",B2/MEDIAN($B2:$M2)<=0.8)
```

முதலாவதற்கு ஆரஞ்சு, இரண்டாவதற்கு நீலம். இப்போது தொகை தொகையாகவே இருக்கும், 2024-இல் ஜனவரி, ஜூலை, அக்டோபர் ஆரஞ்சு, பிப்ரவரி, நவம்பர் நீலம், மற்ற ஏழும் வெள்ளை. அப்பா, பங்காளி என்று மற்றவர்களுக்குக் காட்ட இதுவே போதும், இன்னும் சொல்லப்போனால் இதுதான் நல்லது. ஒரு குறை மட்டும் மனதில் இருக்கட்டும்: மார்ச் 0.81, எல்லையை மயிரிழையில் தாண்டியதால் வெள்ளையாக நிற்கும். நிறம் இல்லை என்பதால் மார்ச் நல்ல மாதம் என்று ஆகிவிடாது. சாயல் சாயலாக மாறும் அளவுகோலில் இந்தக் குறை இல்லை. நான் மடங்கு அட்டவணையை எனக்கும், இந்த இரண்டு விதி அட்டவணையை மற்றவர்களுக்கும் வைத்துக்கொள்வேன்.

கூகுள் ஷீட்ஸில் வேலை செய்தால் Format > Conditional formatting போய் Color scale. அங்கும் Minpoint, Midpoint, Maxpoint மூன்றுக்கும் Number உண்டு. சூத்திர விதிக்கு Custom formula is. சூத்திரங்கள் அப்படியே ஓடும்.

நிறம் விழுந்த பிறகு எப்படிப் படிப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு மாதத்தின் கீழே ஐந்து கட்டமும் ஒரே நிறமாக நெடுக்காக ஒரு பட்டை தெரிந்தால் அது பருவம். ஜனவரியில் ஆரஞ்சுப் பட்டை வரும், பொங்கல் எப்போதும் ஜனவரி நடுவில்தான். ஜூலை, ஆகஸ்டில் மெல்லிய ஆரஞ்சு வரும், ஆடி சூரியக் கணக்கு மாதம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆண்டுதோறும் அதே இடம். பிப்ரவரியில் நீலப் பட்டை வந்தால் அது நம்பத் தகுந்த மந்தம். பிப்ரவரிக்கு 28 அல்லது 29 நாள்தானே என்று கேட்டால் அது அதிகபட்சம் பத்தில் ஒரு பங்குக் குறைவைத்தான் விளக்கும். உங்கள் 0.71-க்கு அது போதாது, பொங்கலுக்கு வாங்கியவர்கள் உடனே மறுபடி வாங்குவதில்லை என்பதுதான் உள்ளே இருக்கும் காரணமாக இருக்க வேண்டும். ஐந்து ஆண்டில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிறம் மாறி நின்றால் அது பருவம் அல்ல, ஏதோ ஒரு நிகழ்வு. கல்யாண ஆர்டரா, கடைத்தெருவில் சாலை தோண்டினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அப்புறம் நேராக இல்லாமல் சாய்வாகவும் இடம் மாறியும் போகும் நிறம். அதுதான் பிறை பார்த்து வரும் பண்டிகைகள். ரம்ஜான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். 2021-இல் மே 14, அதை ஊரடங்கு விழுங்கிவிட்டது. 2022-இல் மே 3, வியாபாரம் ஏப்ரலில் விழும். 2023-இல் ஏப்ரல் 22. 2024-இல் ஏப்ரல் 11. 2025-இல் மார்ச் 31. உங்கள் 2024-ஐப் பாருங்கள், மார்ச் 0.81, ஏப்ரல் 1.02. நோன்பு வியாபாரம் இரண்டு மாதத்துக்கும் பிரிந்துபோய் எதிலும் தலை காட்டவில்லை. 2025 வரிசையில் மார்ச் மட்டும் சட்டென்று ஏறியிருந்தால் மார்ச் நல்ல மாதமாகிவிட்டது என்று எண்ணி 2026 மார்ச் முழுமைக்கும் சரக்கு அடுக்கிவிடாதீர்கள். பண்டிகை அதற்கும் முன்னால் நகர்ந்துவிடும்.

தீபாவளியும் இதே போலத்தான், ஆனால் சாய்வாகப் போகாமல் முன்னும் பின்னும் ஊசலாடும். 2021-இல் நவம்பர் 4, 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. உங்கள் 2021 நவம்பர் 2.2-ஐ 1.55-ஆல் வகுத்தால் 1.42, ஆரஞ்சு. 2024 நவம்பர் 0.68, அடர் நீலம். நவம்பர் பத்தியைக் கீழாகப் படித்தால் கடை சரிந்தது போல இருக்கும். சரியவில்லை. 2024-இல் தீபாவளி அக்டோபர் கடைசி நாளில் முடிந்துவிட்டது, நவம்பர் முழுக்க பண்டிகைக்குப் பிந்தைய அமைதி. மாதம் என்ற கட்டமே இங்கே ஏமாற்றுகிறது, எந்த நிறமும் இதைச் சரிசெய்யாது.

இதற்கு ஒரே வழி தீபாவளியை மாதத்திலிருந்து பிரித்துத் தனிப் பத்தி ஆக்குவது. தினசரி விற்பனை உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அது Daily என்ற தாளில் A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை என்று இருந்தால், மேல் அட்டவணையில் P பத்தியில் ஒவ்வொரு ஆண்டின் தீபாவளித் தேதியையும் எழுதி, Q2-இல் இதைப் போடுங்கள்:

```
=SUMIFS(Daily!B:B,Daily!A:A,">="&P2-29,Daily!A:A,"<="&P2)
```

தீபாவளி நாளோடு சேர்த்து முந்தைய 30 நாள் விற்பனை வந்துவிடும். 2024-க்கு அது அக்டோபர் 2 முதல் 31 வரை. 2025-க்கு செப்டம்பர் 21-லேயே தொடங்கும், அதனால் அந்த ஆண்டு செப்டம்பர் கட்டம் கொஞ்சம் ஆரஞ்சானால் ஆச்சரியப்பட வேண்டாம், அதில் பத்து நாள் தீபாவளிக்குச் சொந்தம். Q பத்தியை அந்த ஆண்டின் இடைநிலையால் வகுத்து ஐந்து ஆண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தீபாவளி உண்மையில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரியும். ரம்ஜானுக்கும் இன்னொரு பத்தி இதே போல. ஆனால் இந்த இரண்டு பத்தியையும் மாதங்களின் நிற விதிக்குள் இழுத்துவிடாதீர்கள்.

கடைசியாக இரண்டு சோதனை. மேல் அட்டவணையில் ஏதாவது ஒரு கட்டத்தில் எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால், அது எண் அல்ல, எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ‘3.4 லட்சம்’ என்று தட்டியிருப்பீர்கள், அல்லது எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கும். ஒரு காலிக் கட்டத்தில் `=COUNT(B2:M6)` போடுங்கள். 60 கட்டத்தில் இரண்டைக் காலியாக்கினீர்கள், 58 வர வேண்டும். குறைவாக வந்தால் அத்தனை கட்டம் எழுத்தாக இருக்கிறது. இன்னொன்று, ஒரு கட்டத்தில் `#DIV/0!` போல ஒரு பிழை இருந்தாலே எக்செல் முழு அளவுகோலையும் போடாமல் விட்டுவிடலாம். நிறம் மொத்தமாகக் காணாமல் போனால் முதலில் பிழையைத் தேடுங்கள்.

மாதாமாதம் புது எண்ணை வேறு தாளிலிருந்து கொண்டுவரும்போது சாதாரணமாக ஒட்டாமல் Paste Special > Values ஒட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளின் வடிவமும் கூடவே வந்து, மேல் அட்டவணையின் நிற விதி துண்டு துண்டாக உடையும், ஒட்டிய கட்டங்கள் விதியிலிருந்து விடுபட்டுப்போகும். நிறம் விழ வேண்டிய கட்டம் வெள்ளையாகவே நின்றால் அதுதான் அடையாளம். Conditional Formatting > Manage Rules திறந்து, மேலே This Worksheet தேர்ந்தெடுத்துப் பாருங்கள். Applies to என்ற இடத்தில் மேல் அட்டவணையின் விதி ஒவ்வொன்றுக்கும் `=$B$2:$M$6`, கீழ் அட்டவணையின் விதி ஒவ்வொன்றுக்கும் `=$B$12:$M$16` என்று ஒரே வரியாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் சிறு சிறு துண்டுகளாகப் பத்து வரி இருந்தால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே தடவை மறுபடி போடுங்கள், இரண்டு நிமிட வேலை.